ஓஜைவ் வளைவும் நடு மாணவனும்

கேள்வி: நான் வரையும் ஓஜைவ் வளைவிலிருந்து இடைநிலையளவு காணும்போது, விடை எப்போதும் பத்து மதிப்பெண் குறைகிறதே, ஏன்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் என்றும், 0-20 முதல் 80-100 வரையுள்ள ஐந்து பிரிவுகளில் முறையே 4, 8, 10, 16, 2 பேர் என்றும் கொள்வோம். குவிவு நிகழ்வெண்கள் 4, 12, 22, 38, 40 ஆகும். 40-க்குக் குறைவாகப் பெற்றோர் 12 பேர் என்பதே அர்த்தமாதலால், 12 என்ற புள்ளியைப் பிரிவின் மேல் எல்லையாகிய 40-இன் நேரே இடவேண்டுமேயன்றி, நடுமதிப்பாகிய 30-இன் நேரே இடலாகாது. தாங்கள் செய்தது பின்னதே என்று கருதுகிறேன். வளைவின் முடிவைப் பாருங்கள். 100-இல் முடியாமல் 90-இலேயே முடிந்திருக்கும்.

சரியான படத்தில், புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, செங்குத்து அச்சின் 20-லிருந்து அடிக்கோலைக் கிடையாக நகர்த்தி, வளைவைத் தொட்ட இடத்திலிருந்து கீழே பென்சிலால் கோடிழுத்தால் இடைநிலையளவு 56 என வரும். அவ்வாறே 10-லிருந்து 35-உம், 30-லிருந்து 70-உம் கிடைப்பதால் கால்மான இடைவீச்சு 35. விசித்திரம் என்னவெனில், தங்கள் படத்தில் 46, 25, 60 என மூன்றும் ஒருசேர இடம்பெயர்வதால் வீச்சு மட்டும் 35-ஆகவே நின்று பிழையை மறைத்துவிடும்.

இந்த 56-உம் ஓர் அநுமானமே; 40-60 பிரிவிலுள்ள பதின்மரும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டதால் வந்தது. அவர்களெல்லாம் 41, 42 என்று நெருங்கியிருந்தால், மெய்யான நடு மதிப்பெண் 42-ஐத் தாண்டாது. அதை அறிய மூல மதிப்பெண் ஏட்டையே புரட்ட வேண்டும்.