கடமைப் பட்டியலை நெடுக வாசியுங்கள்

புதிதாக அதிபர் பொறுப்பேற்ற ஓர் இளையவருக்குக் கடிதம்

ஹந்தானை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்குகிறது, மேற்பார்வைக் கடமையை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கடிதம் கொடுக்க வேண்டும், அதை எப்படி எழுதுவது என்று போன கிழமை கேட்டீர்கள். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடியது அல்ல என்பதால் எழுதுகிறேன். முதல் தடவையாக அதிபர் கதிரையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பரீட்சைத் திணைக்களம் இருக்கிறது. மேற்பார்வையாளரும் நோக்குநர்களும் அங்கிருந்து நியமிக்கப்பட்டு வருவார்கள். தவணைப் பரீட்சை அப்படியல்ல. யார் எந்த நாளில் எந்த வகுப்பில் நிற்பது என்பதை முழுக்க அதிபரே தீர்மானிக்கிறார். அதனால் அதில் வரும் குறையும் அதிபருடையதே.

என் குறை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஹந்தானைக்கு வருவதற்கு முன் இன்னொரு பாடசாலையில் இருந்தேன். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகள், எனவே ஆறு மண்டபங்கள். ஆசிரியர்கள் 12 பேர். பரீட்சை எட்டு நாட்கள். காலை 8 மணிக்கு இரண்டு மணித்தியாலத் தாள், இடைவேளைக்குப் பிறகு 11 மணிக்கு ஒரு மணித்தியாலத் தாள். ஒரு நாளைக்கு ஆறு மண்டபம், இரண்டு அமர்வு, ஆக 12 கடமைகள். ஆசிரியர்களும் 12 பேர். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று எனக்கு மிகுந்த சந்தோஷம். சேவை மூப்பின்படி பெயர்களை எழுதி, மேலிருந்து கீழாகச் சுழற்சி முறையில் இட்டேன். பட்டியல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

அடுத்த நாள் ஓர் ஆசிரியை அலுவலகத்துக்கு வந்தார். "சேர், எட்டு நாளும் எனக்குக் காலைதான் விழுந்திருக்கு" என்றார். "எல்லாருக்கும் எட்டுக் கடமைதானே டீச்சர், உங்களுக்கும் எட்டுத்தான்" என்றேன். அவர் வாதாடவில்லை. பட்டியலில் தன் பெயருக்கு நேரே பென்சிலால் கூட்டி எழுதியிருந்ததைக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நானும் கூட்டினேன். முதல் நாள் 12 கடமைக்கும் 12 பெயர் தீர்ந்ததால், இரண்டாம் நாள் மறுபடி முதல் பெயரில் தொடங்கியிருந்தேன். எட்டு நாளும் அப்படியே. சுழற்சி என்று பெயர் வைத்திருந்தேனே தவிர, எதுவும் சுழலவில்லை. பட்டியலின் முதல் ஆறு பேருக்கும் எட்டு நாளும் காலைத் தாள். அதாவது 960 நிமிடம், 16 மணித்தியாலம். அடுத்த ஆறு பேருக்கும் எட்டு நாளும் சிறிய தாள், 480 நிமிடம், 8 மணித்தியாலம். கடமையின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்று. நின்ற நேரமோ ஒருவருக்கு மற்றவரைப்போல் இரு மடங்கு. போதாததற்கு ஒவ்வொருவரும் எட்டு நாளும் ஒரே மண்டபத்தில். தரம் 6இல் நிற்பவர், பேனை கீழே விழுந்தது, தாகம், தாள் போதாது என்று நிமிடத்துக்கொரு தரம் எழுந்து நடப்பவர். தரம் 11இல் நிற்பவருக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஆகவே முதல் வேலை, கடமைகளை எண்ணுவதை விட்டு நிமிடங்களைக் கூட்டுவது. நாள் வாரியாகக் குறுக்கே வாசித்தால் எல்லா மண்டபத்துக்கும் ஆள் இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். அலுவலகத்துக்கு அது போதும். ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நெடுக வாசித்தால்தான் அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று தெரியும். இரண்டு தாள்களாகவே எழுதுங்கள்: நாள் வாரியாக ஒன்று, ஆள் வாரியாக ஒன்று. ஆள் வாரித் தாளில் ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் மொத்த நிமிடம் இருக்க வேண்டும்.

இனி அதே பாடசாலைக்குச் சரியான பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். 12 பேரையும் ஆறு ஆறாக இரு குழுவாகப் பிரியுங்கள். ஒற்றை நாட்களில் முதற்குழு காலை, இரண்டாம் குழு இடைவேளைக்குப் பின். இரட்டை நாட்களில் மாறி நிற்கட்டும். எட்டு நாளில் ஒவ்வொருவருக்கும் நான்கு நீண்ட அமர்வு, நான்கு குறுகிய அமர்வு. மொத்தம் 720 நிமிடம், 12 மணித்தியாலம். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அதே தொகை.

மண்டபத்தை நகர்த்தும்போது ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நானும் விழுந்திருக்கிறேன். நாளுக்கு ஒரு மண்டபமாக நகர்த்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால், முதல் மண்டபத்தில் தொடங்கும் முதற்குழு ஆசிரியருக்குக் காலை அமர்வு 1, 3, 5, மறுபடி 1 என்றே விழும். இரட்டை எண் மண்டபங்களில் அவர் காலையில் நிற்கவே மாட்டார். அமர்வு மாறுவதும் மண்டபம் மாறுவதும் ஒரே அடியில் நடப்பதுதான் காரணம். இரண்டு நாளுக்கு ஒரு முறை நகர்த்துங்கள். அவர் நான்கு மண்டபங்களுக்குப் போவார், ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட அமர்வும் ஒரு குறுகிய அமர்வும் நிற்பார்.

ஆசிரியர் 13 பேர் என்றால் சுழற்சி தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். என் பழைய முறையில் 13 பேரை இட்டால் ஒவ்வொருவரும் நாளுக்கு ஓர் இடம் நகர்வார்கள்தான். ஆனால் எட்டு நாளில் முழுச் சுற்றும் முடியாது. முதல் பெயருக்கு ஆறு நீண்டது, இரண்டு குறுகியது, 840 நிமிடம். ஏழாம் பெயருக்கு ஒரு நீண்டது, ஆறு குறுகியது, ஒரு நாள் ஓய்வு, 480 நிமிடம். எந்த முறையில் போட்டாலும் கடைசியில் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, தன் பாடத்துக்குத் தன் வகுப்பில் ஒருவர் நிற்கக் கூடாது என்ற ஒழுங்கு. பட்டியல் போட்ட பிறகுதான் இந்த மோதல் கண்ணில் படும். அப்போது அந்த ஆசிரியரை வேறு அமர்வுக்குத் தூக்காதீர்கள். அதே அமர்வில் நிற்கும் இன்னொருவரோடு மண்டபத்தை மட்டும் மாற்றுங்கள். நிமிடக் கணக்கு அசையாது. ஆறு வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் கற்பிக்கும் பாடம் ஒரே அமர்வில் வந்தால் மண்டபம் மாற்றி ஆவதொன்றுமில்லை. அன்று மற்ற அமர்வில் உள்ள ஒருவரோடு அமர்வையே மாற்றி, இன்னொரு நாள் அதே இருவரையும் திருப்பி மாற்றிவிடுங்கள்.

இந்த அமர்வு மாற்றந்தான் உங்கள் கையில் இருக்கும் சில்லறைக் காசு. நீண்டதைக் கொடுத்துக் குறுகியதை வாங்கினால் ஒருவருக்கு 60 நிமிடம் குறையும், மற்றவருக்கு 60 கூடும். சலுகைகளை எல்லாம் இந்தக் காசில்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையுள்ள ஆசிரியை ஒருவருக்கு நீண்ட அமர்வு முடியாது என்று வையுங்கள். அவருடைய நான்கு நீண்ட அமர்வையும் மாற்ற வேண்டும். ஒரே ஆள் தலையில் நான்கையும் கட்டினால் அவருக்கு 960 நிமிடம் ஆகிவிடும். நான்கு பேரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆளுக்கு 780. யாரும் முகம் சுளிக்காத தொகை அது. காரணத்தைப் பட்டியலில் எழுத வேண்டாம், நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்.

வராதவருக்காக நிற்பவரின் கணக்குத்தான் பெரும்பாலான பாடசாலைகளில் காற்றோடு போகிறது. ஒருவர் காய்ச்சலால் இரண்டு நாள் வரவில்லை. ஒரு நீண்டதும் ஒரு குறுகியதும் காலி. அந்த நேரம் ஓய்விலிருந்த ஒருவரை ரிலீப் அனுப்புகிறோம். கூப்பிட்டால் மறுக்காதவர் யார் என்று நமக்குத் தெரியும், ஆகவே இரண்டு தடவையும் அவரையே கூப்பிடுகிறோம். தவணை முடியும்போது அவர் 900 நிமிடம் நின்றிருப்பார். அடுத்த தவணை பட்டியல் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும், அவருடைய 180 நிமிடம் மறைந்துபோகும். ஒரு பதிவேட்டில் போன தவணை மீதி என்று ஒரு நிரல் வையுங்கள். நோயில் விழுந்தவரிடம் கடன் அறவிட வேண்டாம், லீவு அவருடைய உரிமை. நின்றவருக்கு வரவு வைத்தால் போதும். அடுத்த தவணையில் அவருடைய மூன்று நீண்ட அமர்வுகளை மூன்று வேறு ஆட்களின் குறுகிய அமர்வுகளோடு மாற்றினால் 180 நிமிடம் தீர்ந்துவிடும். ரிலீப் போகும் முறையையும் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். முதல் நாள் யார் முதலில், இரண்டாம் நாள் யார் முதலில் என்று இருந்தால், மறுக்கத் தெரியாதவர் மட்டும் ஓட வேண்டியிராது.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பர் இறுதியிலும், 2025இல் டித்வா புயலின்போதும் உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டு வேறு நாட்களுக்குப் போனதைப் பார்த்தோம். இந்த மலைச்சரிவில் வீதி மூடப்பட்டால் கண்டியிலிருந்து வரும் ஆசிரியர் மேலே வர முடியாது. பட்டியலில் திகதியை மட்டும் எழுதியிருந்தால், ஒரு நாள் தள்ளிப்போனதும் முழுப் பட்டியலும் குழம்பிவிடும். அமர்வுகளுக்கு 1 முதல் 16 வரை எண் கொடுத்து, ஆசிரியரை அமர்வு எண்ணோடு கட்டுங்கள். திகதியைப் பக்கத்தில் பென்சிலால் எழுதலாம். ஐந்தாம் அமர்வு எந்த நாளுக்குப் போனாலும் அதற்குரியவர் அதனோடே போவார், மொத்தமும் மாறாது.

இவ்வளவையும் செய்த பிறகு கடிதம் சிறியதாகவே போதும். நான் இப்போது எழுதுவது இப்படி:

"அன்புள்ள ஆசிரியர்களுக்கு, மூன்றாம் தவணைப் பரீட்சைக்கான மேற்பார்வைக் கடமைப் பட்டியல் இத்துடன் உள்ளது. ஒவ்வொருவருக்கும் நான்கு நீண்ட அமர்வு, நான்கு குறுகிய அமர்வு, மொத்தம் 720 நிமிடம். கூடுதல் குறைவுள்ள பெயர்களுக்கு நேரே தொகை எழுதப்பட்டுள்ளது. போன தவணை மற்றவருக்காக நின்றவர்களின் வரவு கழிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பெயருக்கு நேரே உள்ளதைக் கூட்டிப் பார்த்து, பிழை இருந்தால் வியாழக்கிழமை இடைவேளைக்கு முன் எனக்குத் தெரிவியுங்கள். தமக்குள் மாற்றிக்கொள்பவர்கள் இருவரும் முதல் நாளே பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். நீண்ட அமர்வுகளில் முதல் ரிலீப் நான்."

கடைசி வரியை அலங்காரத்துக்கு எழுதாதீர்கள். எழுதினால் மண்டபத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

நிமிடக் கணக்கு எல்லாவற்றையும் அளக்காது. தரம் 6இன் ஒரு மணித்தியாலமும் தரம் 11இன் ஒரு மணித்தியாலமும் ஒரே பாரம் அல்ல என்று மேலேயே சொன்னேன். அதற்கு மண்டபத்தை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. ஆனால் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒன்று சுவரில் இருந்தால், மனத்தாங்கல் ஓய்வறைக்குள் புழுங்காமல் அலுவலகத்துக்கு வந்து கேள்வியாக நிற்கும். கேள்வியை நாம் திருத்திவிடலாம்.

அன்று அந்த ஆசிரியை பட்டியலை முதலில் கூட்டினார், நான் அவருக்குப் பிறகு கூட்டினேன். அதனால் இப்போது ஒப்பமிடுவதற்கு முன் பட்டியலை ஓர் ஆசிரியரிடம் கொடுத்து எல்லாப் பெயரையும் கூட்டித் தரச் சொல்கிறேன். ஒவ்வொரு தவணையும் வேறொருவர். இந்தத் தவணை உங்கள் பாடசாலையில் யாரிடம் கொடுப்பது என்று யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்