ஒட்டுறவைச் சுருக்கினால் ஒதுக்கீடு நிலைபெறும்

ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் பங்குகளை எடுத்துக்கொள்வோம். முதற்பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு. இரண்டாவதன் ஏற்ற இறக்கம் 25 விழுக்காடு. கடந்த 24 மாதங்களின் விலைகளைக் கொண்டு கணக்கிட்டால், இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.9 என வருகிறது. மொத்த இடர் மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால், நம் பணத்தை இவற்றிடையே எவ்வாறு பிரிப்பது?

ஏற்ற இறக்கங்களின் வர்க்கங்கள் 400, 625. இரண்டு ஏற்ற இறக்கங்களையும் ஒட்டுறவையும் பெருக்கினால் கிடைக்கும் 450, உடன்மாறுபாடு எனப்படும். முதற்பங்குக்கு உரிய விகிதத்தைப் பின்வரும் வாய்பாடு தருகிறது:

w = (625 − 450) / (400 + 625 − 2 × 450) = 175 / 125 = 1.4

அதாவது, முதற்பங்கில் 140 விழுக்காடு. இரண்டாவதில் கழித்தல் 40 விழுக்காடு. இரண்டாம் பங்கைக் கடன் வாங்கி விற்று, அந்தப் பணத்தையும் முதற்பங்கிலேயே போடுமாறு கணக்கு கூறுகிறது. ஒட்டுறவு 0.8 ஆக இருந்திருந்தால் விடை சரியாக 100 விழுக்காடு, கடனுக்கே இடமில்லை. ஒட்டுறவில் 0.1 மாறியதும் ஒதுக்கீடு 40 புள்ளிகள் புரண்டுவிடுகிறது.

உண்மையான ஒட்டுறவு 0.8 ஆக இருந்தாலும், 24 மாதங்களின் தரவில் அது ஏறத்தாழ 0.6 முதல் 0.9 வரை எங்கும் தோன்றக்கூடும். ஆகவே நாம் கண்ட 0.9 தற்செயலின் விளைவாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் விளைவு என்ன? 140, கழித்தல் 40 என்ற தொகுப்பின் இடர் 19.5 விழுக்காடு என்று கணக்கு வாக்களித்தது. உண்மையில் நாம் சுமப்பது 20.9 விழுக்காடு. முதற்பங்கை மட்டும் வைத்திருந்தால் 20 விழுக்காடுதான்.

பங்குகளின் எண்ணிக்கை கூடும்போது இந்தச் சிக்கல் பெருகுகிறது. நிஃப்டி 50 குறியீட்டின் பங்குகளுக்கு 1,275 மாறுபாடுகளையும் உடன்மாறுபாடுகளையும் மதிப்பிட்டு ஓர் அணியாக அடுக்க வேண்டும். மாதங்களின் எண்ணிக்கை 50-ஐத் தாண்டாவிட்டால், இடரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு கலவை அந்த அணியில் கட்டாயம் இருக்கும். குறைந்த இடரைத் தேடும் கணக்கு, மிகுதியாகப் பிழைபட்ட எண்களையே நாடிச் செல்கிறது.

ஒலிவியே லெதுவா, மைக்கேல் உல்ஃப் ஆகிய இருவரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு எளிய தீர்வைத் தருகிறது. தரவிலிருந்து பெற்ற அணியை S என்போம். ஒவ்வொரு பங்கின் மாறுபாட்டையும் அப்படியே வைத்து, எல்லா ஒட்டுறவுகளுக்கும் பதிலாக அவற்றின் சராசரியை இட்ட எளிய அணியை F என்போம். இது இலக்கு அணி. இரண்டையும் கலக்கிறோம்:

δF + (1 − δ)S

δ என்பது சுருக்க அளவு. அது 0 எனில் தரவை முழுமையாக நம்புகிறோம். 1 எனில் இலக்கை மட்டும் நம்புகிறோம். இந்த அளவையும் தரவிலிருந்தே கணக்கிடுவதற்கு அவர்கள் வழி காட்டியுள்ளனர். S-இல் தற்செயல் பிழை மிகுந்தால் δ உயரும். இலக்கு உண்மையிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் தாழும். மாதங்கள் கூடக்கூடவும் குறையும்.

நம் இரு பங்குகளும் ஒரு பெரிய பட்டியலின் உறுப்புகள் எனவும், அப்பட்டியலின் சராசரி ஒட்டுறவு 0.4 எனவும், δ-வும் 0.4 எனவும் கொள்வோம். புதிய ஒட்டுறவு 0.4 × 0.4 + 0.6 × 0.9 = 0.7 ஆகும். இப்போது விகிதங்கள் 85, 15 விழுக்காடு. தரவில் 0.9-க்குப் பதில் 0.8 வந்திருந்தாலும் அவை 79, 21 என்றே அமையும். 40 புள்ளிப் புரட்டல் ஏறக்குறைய 5 புள்ளியாக அடங்கிவிட்டது. உண்மையான ஒட்டுறவு 0.8 எனில், 85, 15 தொகுப்பின் இடர் 20.1 விழுக்காடு. இது மிகச் சிறந்த விடையான 20-க்கு மிக அருகில் உள்ளது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரு பங்குகளின் ஒட்டுறவு உண்மையிலேயே 0.9 எனில், சுருக்கிய கணக்கு அவற்றின் நெருக்கத்தைக் குறைத்தே காட்டும். நிலைத்தன்மைக்காக இந்தச் சாய்வை நாம் ஏற்கிறோம். மேலும், எதிர்பார்க்கும் இலாபத்தைப் பற்றிய நம் கணிப்பு தவறாக இருந்தால், இம்முறை அதைத் திருத்தாது.

ஒரு தொகுப்புக்குச் சுருக்கம் தேவையா என்பதை அறிய, கடைசி ஒரு மாதத் தரவை நீக்கிவிட்டு விகிதங்களை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு மாதத்தால் விகிதங்கள் பெரிதும் இடம் மாறினால், அவை தற்செயல் பிழையின் மீது நிற்கின்றன என்று கொள்ளலாம். கணக்கு முன்னுரைத்த இடரைவிடப் பின்னர்க் கண்ட இடர் தொடர்ந்து மிகுந்திருந்தால், அதுவும் அதே குறைபாட்டையே சுட்டும்.