புள்ளிகளுக்குப் பின்னால்

நுழையும்முன்

பிழையின்றித் தட்டிய கடவுச்சொல்லையும் கைப்பேசி சில வேளைகளில் ஏற்க மறுக்கிறது. விரல் தட்டிய சொல், தளத்தைச் சென்றடையும் முன் விசைப்பலகையால் எவ்வாறு மாறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மறுக்கப்பட்ட சொல்

செங்கல்பட்டில் உள்ள கணினி மையம் ஒன்றில், மாணவி ஒருவர் கல்லூரிச் சேர்க்கைக்கான தளத்தில் கணக்குத் தொடங்கினார் எனக் கொள்ளலாம். செங்கல்பட்டு தனி மாவட்டமான ஆண்டு 2019. அதனை நினைவிற்கொண்டு அவர் அமைத்த கடவுச்சொல் `kadal.2019`. எளிதில் ஊகிக்கத்தக்க இச்சொல் விளக்கத்திற்கு மட்டுமே உரியது.

விண்ணப்பிக்க இறுதி நாளன்று, மாமல்லபுரத்தில் தம் வீட்டிலிருந்து கைப்பேசியில் அதே சொல்லைத் தட்டினார். ‘கடவுச்சொல் தவறு’ என்றது திரை. மூன்று முறை முயன்றும் அதே விடைதான். தவறான முயற்சிகள் தொடர்ந்தால் பல தளங்கள் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். ஆகவே, நான்காம் முறை முயலும் முன் காரணம் அறிவது அவருக்கு இன்றியமையாததாயிற்று.

எழுத்தும் எண்ணும்

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணே. ஒருங்குறி முறையில் `k` என்பதன் எண் 107. `K` என்பதன் எண் 75. நம் கண்ணுக்கு இவை ஒரே எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்கள். கணினிக்கோ வெவ்வேறு எழுத்துகள்.

முறையாக அமைக்கப்பட்ட தளம் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. அதனை ஒருவழிக் கணக்கீட்டால் உருமாற்றிக் கிடைக்கும் விடையை மட்டுமே வைத்திருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அவ்விடை முற்றிலும் மாறிவிடும். எனவே, ‘முதலெழுத்து மட்டுமே பிழை’ என்று சுட்டிக்காட்டத் தளத்தால் இயலாது. ஏற்கும், அல்லது மறுக்கும்.

விசைப்பலகையின் குறுக்கீடு

கட்டம் கடவுச்சொல்லுக்குரியது என்று தளம் அறிவித்தால், கைப்பேசியின் விசைப்பலகை பொதுவாகத் திருத்தம் செய்யாது. தளத்தின் நிரலில் அவ்வறிவிப்பு இவ்வாறு அமையும்:

```
<input type="password">
```

கண் வடிவக் குறியைத் தொட்டால் சொல் வெளிப்படையாகத் தெரியும். பல தளங்களில் அப்போது `password` என்பது `text` என மாறுகிறது. விசைப்பலகை அதனைச் சாதாரண உரை எனக் கருதக்கூடும். அவ்வாறு கருதினால், தொடரின் முதலெழுத்தைப் பெரிதாக்கும். அகராதியில் இல்லாத `kadal` என்பதை `medal` போன்ற வேறொரு சொல்லாகத் திருத்தும். பரிந்துரைத்த சொல்லைத் தேர்ந்தால் இறுதியில் ஓர் இடைவெளியையும் சேர்க்கும். ஒலிபெயர்ப்புத் தமிழ் விசைப்பலகை இயங்கினால் `kadal` என்பது ‘கடல்’ ஆகவும் மாறலாம்.

புள்ளிகளை எண்ணுதல்

மறைக்கப்பட்ட கட்டத்தில் தோன்றும் புள்ளிகளே முதல் தடயம். `kadal.2019` என்பதற்குப் பத்துப் புள்ளிகள் தோன்ற வேண்டும். பதினொன்று இருந்தால் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கலாம். ‘கடல்.2019’ என்பதில் க, ட, ல, புள்ளிக்குறி என நான்கு குறியீடுகளே ‘கடல்’ என்பதற்கு உள்ளன. ஆகவே ஒன்பது புள்ளிகள் தோன்றலாம். ஆனால் `Kadal.2019`, `medal.2019` ஆகியவற்றிற்கும் பத்துப் புள்ளிகளே. இவற்றைக் கண்குறியைத் தொட்டுப் பார்த்தே அறிய இயலும். கண்குறியோ இறுதியில் உள்ள இடைவெளியைக் காட்டாது. எனவே இரு சோதனைகளும் தேவை.

மாணவி ஒவ்வொரு முறையும் முதலில் கண்குறியைத் தொட்டு, அதன் பின்னரே தட்டியிருந்தார். திரையில் `Kadal.2019` என்றே இருந்தது. சொல் சரியாக உள்ளதா என்று பார்த்தவர், முதலெழுத்தின் வடிவைக் கவனிக்கவில்லை. நான்காம் முறை, விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதை உறுதிசெய்து, சொல் மறைந்திருக்கும் நிலையிலேயே தட்டினார். பத்துப் புள்ளிகளை எண்ணினார். அருகில் பிறர் இல்லாதபோது கண்குறியைத் தொட்டு முதலெழுத்தைச் சரிபார்த்தார். தளம் திறந்தது.

பிழை பயனரின் பழக்கத்தில் மட்டும் இல்லை. தளத்தை அமைப்போர் அக்கட்டத்தில் `autocapitalize="none"`, `autocorrect="off"` என்னும் பண்புகளைச் சேர்த்திருந்தால், சொல் வெளிப்படும்போதும் திருத்தம் வேண்டாம் என்பதை விசைப்பலகைக்கு உணர்த்தியிருக்க முடியும்.

தெரிந்து தெளிவோம்

‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக அமைக்கலாம். ‘க’வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவகை, எகரக் குறி, கால் ஆகிய இரண்டையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றை ஒருமுகப்படுத்தாத தளத்தில், தமிழில் அமைந்த கடவுச்சொல் ஒரு விசைப்பலகையில் ஏற்கப்பட்டு, மற்றொன்றில் மறுக்கப்படலாம்.