ரத்ததானக் குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

சுண்ணாம்புக்குளத்தில் நாலு இளைஞர்கள் சேர்ந்து ரத்ததானக் குழு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் ரெடி, போனும் ரெடி, பெயர்தான் பாக்கி. சட்டென்று தோன்றுவது 'சுண்ணாம்புக்குளம் ரத்த வங்கி'. அந்தப் பெயர் மட்டும் வேண்டாம்.

ரத்தத்தைச் சேகரித்து, பரிசோதித்து, சேமித்து வைக்கும் இடத்துக்கு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் தேவை. உங்களிடம் இருப்பது ரத்தம் அல்ல, ரத்தம் கொடுக்கத் தயாரான ஆட்கள். 'வங்கி' என்று கேள்விப்பட்டவர், "ரெண்டு யூனிட் எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறோம்" என்றுதான் பேசுவார். "இங்க ரத்தம் இல்லீங்க" என்று நீங்கள் சொன்ன நிமிஷமே சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த சந்தேகம் பணம். பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. ஆனாலும் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பெயரிலேயே 'தானம்' இருந்தால் அந்தக் கேள்வி பாதி குறையும். 'குருதிக்கொடை' அழகான சொல்தான். ஆனால் ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தெலுங்கிலும் அது 'ரக்ததானம்' என்பதால், 'ரத்ததானம்' என்றால் இருவருக்குமே புரியும்.

ஊர்ப் பெயரை யோசித்து வையுங்கள். ஒரு குப்பத்தின் பெயரை வைத்தால், பக்கத்துக் குப்பத்துக்காரர் "அது அவங்க ஆளுங்களுக்கு" என்று ஒதுங்கிவிடுவார். தலைவர், நடிகர், சாதிச் சங்கம் பெயர் வைத்தாலும் இதே கதைதான். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுபவருக்குச் சுண்ணாம்புக்குளம் தெரியாமல் இருக்கலாம், பழவேற்காடு தெரிந்திருக்கும். கேரளாவில் இயங்கும் குழுவின் பெயரைப் பாருங்கள்: Blood Donors Kerala. என்ன வேலை, எந்த இடம் என்பது மூன்றே சொல்லில் வந்துவிடுகிறது. அந்த வழியில் நம் குழுவுக்கு 'பழவேற்காடு ஏரி ரத்ததானக் குழு' பொருந்தும்.

'24 மணி நேர', 'உடனடி' என்ற அடைமொழிகள் வேண்டாம். ஒருமுறை கொடுத்த ஆண் மூன்று மாதமும், பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். மீதி ஆட்களில் சிலர் அந்த நேரம் படகில் இருப்பார்கள். பெயரில் 'அரசு' என்று சேர்ப்பதும், லோகோவில் செஞ்சிலுவைச் சின்னம் போடுவதும் அனுமதியில்லாமல் செய்யக்கூடாதவை. செஞ்சிலுவைக்கென்றே 1960-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு சொட்டு ரத்தத்தின் படம் போதும்.

பெயரை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில், விஷயமே தெரியாத ஒருவரிடம் போனில் ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லுங்கள். "இவங்க என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள். "ரத்தம் விக்கிறாங்க" என்றோ "ஆஸ்பத்திரியா?" என்றோ பதில் வந்தால் வேறு பெயர் தேடுங்கள். "ரத்தம் கொடுக்க ஆள் அனுப்புவாங்க, நானும் சேரலாமா?" என்றால், அங்கேயே அவருடைய ரத்தப் பிரிவு, ஊர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.