வாட்ஸ்அப் அறிவிப்பு: போனில் படிக்கும்படி எழுத

தண்ணீர் நிறுத்தம் பற்றிக் குடியிருப்புக் குழுவில் அறிவித்த பிறகும் "எப்போ வரும்?" என்று கேள்வி வந்துகொண்டே இருக்கிறதா? இப்படி எழுதுங்கள்.

1. நாள், நேரம், செய்ய வேண்டியது மூன்றையும் முதலில் சொல்லுங்கள். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும். மடிப்புக்குள் போன நேரத்தைப் பலர் திறந்து பார்ப்பதில்லை. வெறும் 'நாளை' போதாது, தேதியும் வேண்டும். செய்தியை மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு 'நாளை' வேறு நாளாகிவிடும்.

2. பத்திக்கு இரண்டே வாக்கியம், இடையே ஒரு வரி காலி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. போனில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே பிடிப்பதால், தாளில் சிறிதாகத் தெரியும் பத்தி திரையையே அடைத்துவிடும்.

3. ஒரே ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்குங்கள். இருபுறமும் நட்சத்திரக் குறி இடுங்கள். குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

4. வேலைகளை மட்டும் பட்டியலிடுங்கள். வரித் தொடக்கத்தில் சிறு கோடும் இடைவெளியும் போட்டால் அது புள்ளியாக மாறும். மாதிரி:

```
*ஜூன் 12, காலை 9 - மாலை 4: தண்ணீர் வராது*

- முந்தைய இரவே பிடித்து வையுங்கள்
- மோட்டார் போட வேண்டாம்
- குடிநீரை லாரியில் பிடியுங்கள்: காலை 11, பி பிளாக் வாசல்

மேல்நிலைத் தொட்டி கழுவுகிறோம்.
```

5. இடைவெளி தட்டி அட்டவணை போடாதீர்கள். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால் நெடுவரிசைகள் கலைந்துவிடும். பிளாக்குக்கு ஒரு வரி எழுதுங்கள்.

6. எழுத்தளவைப் பெரிதாக்கி, முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். பெரியவர்கள் பலர் அந்த அளவில்தான் படிக்கிறார்கள்.