உறக்கத்திற்கு முன் இசை: தாளத்தை எண்ணிப் பாருங்கள்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 68 வயதுப் பெரியவர் ஒருவர், இரவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே படுத்தும் உறக்கம் வருவதில்லை என்று எங்களிடம் கூறினார். எந்தப் பாட்டு என்று கேட்டோம். இளமைக் காலத்துத் திரைப்பாடல்களைக் கைப்பேசியில் வரிசையாக ஓடவிட்டுக் கண்களை மூடிக்கொள்வாராம். பாடல் முடிந்த பின்னும் அதன் பல்லவி மனத்தில் சுழன்றுகொண்டே இருக்குமாம். நள்ளிரவுக்கு மேல் விளம்பரம் ஒன்று உரத்து ஒலித்து எழுப்பிவிடுவதும் உண்டாம்.

இசை உறக்கத்திற்கு உதவும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2005ஆம் ஆண்டு வெளியான தைவான் நாட்டு ஆய்வொன்றில், உறக்கக் குறைபாடுள்ள 60 முதியோர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினர் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் மெல்லிசை கேட்டனர். மூன்று வாரங்களில் அவர்களது உறக்கம் மேம்பட்டது. அம்மேம்பாடு வாரந்தோறும் கூடி வந்தது. ஆகவே ஓரிரவு கேட்டுவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுவது சரியன்று. அவ்வாய்வில் கேட்கச் செய்த இசையின் வேகம் நிமிடத்திற்கு 60 முதல் 80 தட்டுகள். இளைப்பாறும் நிலையில் பெரியவர்களின் இதயத் துடிப்பும் ஏறத்தாழ இவ்வளவே. இதயம் தாளத்தோடு அப்படியே இணைந்துவிடும் என்று கூறுவது மிகை. எனினும், மெதுவான சீரான இசை மூச்சை நிதானப்படுத்தி, அலையும் கவனத்திற்கு ஓர் இருப்பிடம் தருகிறது.

வேகத்தை அறியக் கருவி ஏதும் வேண்டா. பாடலுக்கு இயல்பாகக் கால் தட்டும் இடங்களை 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குக. 15 முதல் 20 தட்டுகள் வந்தால் அது உறக்கத்திற்கு ஏற்ற வேகம். மேற்கூறிய பெரியவரின் மகள் அவ்வாறு எண்ணியபோது, அவர் மிகவும் விரும்பிய பாடலில் 34 தட்டுகள் வந்தன. அதாவது நிமிடத்திற்கு 136. நடைப்பயிற்சிக்கு ஏற்ற பாடல் அது.

வேகம் மட்டும் போதாது. பாடலின் சொற்கள் நினைவுகளைக் கிளறும். அப்படியாயின் அதே பாடலை வீணையிலோ குழலிலோ கேட்கலாமே என்று பலரும் எண்ணுவர். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. நன்கறிந்த பாடல்களைச் சொல்லின்றிக் கருவியில் கேட்டவர்களின் மனத்திலேயே அவை அதிகமாகச் சுழன்றன. விடுபட்ட சொற்களை மூளை தானே நிரப்ப முயல்வது காரணமாகலாம். அவ்வாறு மெட்டுச் சுழன்றவர்களுக்கு உறக்கம் வரத் தாமதமானது. இடையில் விழிப்பும் கூடியது. எனவே மனப்பாடமான பாடல்களைத் தவிர்த்து, பிடித்த பாணியில் அதிகம் பழகாத இசையைத் தேர்ந்தெடுப்பது நன்று.

கருநாடக இசை கேட்போருக்கு வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசிக்கும் ஆலாபனை பொருந்தும். அதற்குத் தாளக்கட்டு இல்லை. எண்ண வேண்டிய தட்டும் இல்லை. நீலாம்பரியைத் தாலாட்டுக்குரிய இராகமாகக் கருதும் மரபும் உண்டு. ஆனால் முழுக் கச்சேரிப் பதிவு வேண்டா. மெதுவாகத் தொடங்கும் கச்சேரியில் விரைவான ஸ்வரங்கள் வரும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முழங்கும், இறுதியில் கைதட்டல் எழும். கண் அயரும் வேளையில் இவை ஒவ்வொன்றும் எழுப்பிவிடும்.

அப்பெரியவரின் மகள் வீணை ஆலாபனைகள் சிலவற்றைக் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்தார். விளம்பரம் அத்துடன் நின்றது. 45 நிமிடத்தில் தானே நிற்குமாறு நேரம் குறித்தார். கைப்பேசியைத் தலையணைக்கு அருகில் வைக்காமல், திரையைக் கவிழ்த்து அறையின் மறுபுறம் வைத்தார். ஒலி, அருகில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினால் கேட்கும் அளவிலேயே இருந்தது. முதல் வாரம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வாரத்தில் இசை முடியுமுன் உறங்கிவிடும் இரவுகள் வரத் தொடங்கின. முழங்கால் வலியால் விழித்த இரவுகளில் இசை உதவவில்லை. வலி மருந்து உட்கொள்ளும் நேரத்தை மருத்துவர் மாற்றியமைத்த பின்னரே அவை குறைந்தன.

வலியைப் போலவே, உரத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இசையால் உறக்கம் வருகிறது என்று உறக்க மாத்திரையைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

மருத்துவமனைப் பொது அறையில் பிறருக்கு இடையூறின்றிக் கேட்கச் செவிப்பொறி தேவைப்படலாம். அவ்வாறாயின் ஒரு காதில் மட்டும் அணிந்து, இரவுப் பணிச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள். காதில் அறுவைச் சிகிச்சையோ சீழ் வடிதலோ உள்ளவர்கள் அணிய வேண்டா. உடனிருந்து பார்த்துக்கொள்வோர் இரவில் செவிப்பொறியே அணியாதிருப்பது நல்லது. நோயாளி மெல்லிய குரலில் தண்ணீர் கேட்டால் அது காதில் விழ வேண்டும்.