படத்தை நீக்கினாலும் எண் மாறாது

புதிய டெபிட் கார்டின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டவர், பத்து நிமிடத்தில் தவறை உணர்ந்து நீக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்பது பலரின் நம்பிக்கை. நீங்குவது படம் மட்டுமே. இடையில் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால் பதிவிட்டவருக்கு அது தெரியவராது. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் அப்படியேதான் இருக்கும்.

ஓடிபி இல்லாமல் பணம் போகாது என்ற நம்பிக்கை பாதி உண்மை. இந்தியத் தளங்களில் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பல அதைக் கேட்பதில்லை. சில சிவிவி எண்ணைக்கூடக் கேட்பதில்லை. விரலால் ஓர் இலக்கத்தை மறைத்திருந்ததும் ஆறுதல் தராது. கார்டின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அதனால் ஒன்று மட்டும் மறைந்திருந்தால், மீதியை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எனவே வங்கிச் செயலியில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடுகளை முதலில் அணைத்துவிட்டு, கார்டை நிரந்தரமாக பிளாக் செய்து, வேறு எண்ணுள்ள கார்டு கேட்க வேண்டும். தற்காலிகப் பூட்டு போதாது; திறந்ததும் அதே பழைய எண் மறுபடி செல்லுபடியாகும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைப்பது மிக முக்கியம். ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் வரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் வாடிக்கையாளர் கணக்கில்தான் ஏறும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

பயணம் முடிந்த டிக்கெட்டின் படத்தால் ஆபத்தில்லை என்பது இன்னொரு தவறான எண்ணம். 2020-இல் ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட், ஜப்பானிலிருந்து திரும்பிய பயணத்தின் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொண்டு ஒருவர் விமான நிறுவனத் தளத்தில் நுழைந்தார். அந்தப் பக்கத்தின் நிரல் வரிகளில் அபாட்டின் பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் இருந்தன. முன்பதிவு எண் அச்சில் மறைந்திருந்தாலும், போர்டிங் பாஸின் பார்கோடுக்குள் பெயரோடு அதுவும் இருக்கும். பயணம் பாக்கி இருந்தால், முன்பதிவில் ஏதும் மாற்றப்பட்டதா என்று பார்த்து, விமான நிறுவனத்திடம் தெரிவித்து வேறு முன்பதிவு எண் கிடைக்குமா என்று கேட்கலாம். இசை நிகழ்ச்சி டிக்கெட்டில் நிலைமை வேறு: முதலில் ஸ்கேன் ஆகும் பிரதிதான் உள்ளே போகும். அதனால் விற்பனையாளரிடம் பழைய பார்கோடை ரத்து செய்து புதியது கேட்க வேண்டும்.

பகிர்ந்த படத்தில் தெரியும் ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாவது உண்மைதான். ஆனால் கேட்காமலே வந்த ஓடிபி என்றால், யாரோ அந்தக் கணக்கில் நுழைய முயன்றிருக்கலாம். அது படத்தில் வெளியாகியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, கணக்கில் நுழைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, அறிமுகமில்லாதவற்றை வெளியேற்ற வேண்டும். வாட்ஸ்அப் குறியீடாக இருந்தால் இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண்ணையும் அமைக்க வேண்டும்.